வாசற்கதவு வரை போக வேண்டிய கடிதம்

(கூட்டம் நடத்தும் பொறுப்பில் உள்ளவர்களுக்காக ஆதிச்சநல்லூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். கூட்டத்துக்கு வரவேண்டிய ஒருவரால் படியேற முடியாது. இன்னொருவருக்குக் காது கேட்காது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சாய்தளமோ, பேச்சை எழுத்தில் காட்டும் திரையோ வேண்டுமென்று நடத்துகிறவர்களிடம் கேட்டு எழுதும் கடிதம் அது. அதில் என்ன எழுத வேண்டும், கைக்கு வந்த பிறகு நாம் அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதே என் பேச்சு. கேட்பவர்கள் தயங்குவதால் கெட்டுப்போகும் கூட்டங்கள் உண்டு. ஆனால் கேட்ட பிறகும், கடிதம் பாதி வழியில் நின்றுபோவதால் கெட்டவைதான் என் கணக்கில் அதிகம்.

உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில் அப்படி நடந்தது. 2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐ.நா.வின் காலநிலை மாநாடு. இஸ்ரேலின் எரிசக்தி அமைச்சர் கரீன் எல்ஹரார் அதற்குப் போனார். அவருக்குத் தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலியில் இயங்குபவர். மாநாட்டு வளாகத்தின் ஒரு வாசலுக்கு அவருடைய கார் போய்ச் சேர்ந்தது. காரை உள்ளே விட முடியாது என்றார்கள். வாசலிலிருந்து அரங்கம் வரை நடந்து போகலாம், அல்லது மாநாட்டுக்காரர்களின் வண்டியில் போகலாம் என்றார்கள். அந்த வண்டியில் சக்கர நாற்காலியை ஏற்ற வசதி இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, தங்கியிருந்த எடின்பரோ நகரத்துக்கே அவர் திரும்பிப் போனார். மறுநாள் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் அவரைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார்.

இதில் நாம் பார்க்க வேண்டியது, பிறகு இரண்டு தரப்பும் சொன்ன பதில்களை. அமைச்சருக்கு என்ன தேவை என்பதைப் பல வாரங்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டோம் என்றது இஸ்ரேல் தரப்பு. அவர் வந்த அந்தக் குறிப்பிட்ட வாசலுக்கு அந்தத் தகவல் வந்திருக்கவில்லை, அதனால் அங்கே ஏற்பாடு இல்லை என்ற பொருளில் பேசினார் பிரிட்டன் அமைச்சர் ஒருவர். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. உள்ளே ஏற்பாடு இருந்திருக்கலாம். தகவல் ஏதோ ஒரு மேசைக்கு வந்தும் இருக்கலாம். வாசலில் நின்றவருக்கு அது தெரிந்திருக்காது. அன்றைக்கு முடிவெடுத்தவர் அவர்தான். நாட்டின் அமைச்சருக்கே இந்த நிலை என்றால், கிராம சபைக்குத் தனியாக வரும் ஒரு பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிராம சபை நாள்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகவே கடைசி நேரத்தில் கேட்டார்கள் என்று யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அக்டோபர் 2 கூட்டத்துக்கு ஒரு பெண் சக்கர நாற்காலியில் வர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “நான் மாற்றுத்திறனாளி, எனக்குத் தேவையான வசதி செய்து தரவும்” என்று எழுதினால், வாங்குகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மனமிருந்தாலும் தெரியாது. கூட்டத்தன்று ஒரு நாற்காலியை முன்வரிசையில் போட்டு வைப்பார். அந்தப் பெண்ணிடம் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது. அதனால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே இப்படி எழுதலாம்:

“அக்டோபர் 2 அன்று நடக்கும் கிராம சபைக்கு வருகிறேன். சக்கர நாற்காலியில் வருவேன். அதன் அகலம் 27 அங்குலம். கூட்டம் நடக்கும் கட்டடத்தின் வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. நாற்காலியோடு என்னைத் தூக்கி ஏற்ற வேண்டாம். கூட்டத்தைப் படியில்லாத கெட்டித் தரையில் வைக்க முடியுமா? முடியாதென்றால் வாசலில் சாய்தளம் வேண்டும். அருகில் நான் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை உண்டா என்பதையும் தெரிவியுங்கள். செப்டம்பர் 20-க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அன்றைக்கு வாசலில் நிற்பவரின் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டும்.”

நோயின் பெயர் இதில் எங்கேயும் இல்லை. அது தேவையில்லை, அமைப்பாளரும் கேட்கக் கூடாது. அகலமும் படியும்தான் அவருக்கு வேண்டியவை. அந்தப் பெண்ணுக்காக மகனோ தோழியோ எழுதுவதாக இருந்தால், அவரிடம் வாசித்துக் காட்டி, அவர் சரியென்ற பிறகு அனுப்ப வேண்டும். அவருக்கு எது தேவை என்று பக்கத்தில் இருப்பவர் ஊகித்து எழுதிவிடுவது நம்மிடம் நிறைய நடக்கிறது. கடைசி வரியில் வாசல்காரர் பெயரைக் கேட்டிருப்பது கிளாஸ்கோவில் நடந்ததை நினைத்துத்தான்.

இனி, கடிதம் கைக்கு வந்தவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். ஒரு படி 6 அங்குல உயரம் என்றால், மூன்று படிக்கு 18 அங்குலம். சாய்தளத்துக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. நம் கணக்கில் சொன்னால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். 18 அங்குலத்துக்கு 18 அடி. கேட்டதும் மலைப்பாகத்தான் இருக்கும். இதனால்தான் பல இடங்களில் ஆறடிப் பலகை ஒன்றைப் படிமேல் சாய்த்து வைத்துவிட்டு, சாய்தளம் தயார் என்கிறார்கள். அந்தப் பலகையின் சரிவு ஒன்றுக்கு நான்கு. அதில் ஏறும்போது உட்கார்ந்திருப்பவரின் எடை பின்பக்கமாகச் சாயும். முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பலாம். நாற்காலி மல்லாந்து விழலாம். இறங்கும்போது அவர் முகம் குப்புற முன்னால் சரியலாம். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் போதாதா என்பார்கள். பலகையே நழுவும்போது பிடித்திருப்பவரும் சேர்ந்துதான் விழுவார்.

சாய்தளம் போடுவதாக இருந்தால் நான்கு அடியாவது அகலம் வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், சக்கரம் விளிம்பைத் தாண்டி இறங்காமல் ஓரத்தில் ஒரு தடுப்புக் கட்டை வேண்டும். மேலே போய்ச் சேரும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். அது இல்லாவிட்டால் சரிவில் நின்றுகொண்டேதான் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஒரு நாள் கூட்டத்துக்காகச் செய்ய முடியுமா என்று கேட்டால், பல இடங்களில் செய்யத் தேவையே இல்லை என்பது என் கருத்து. கூட்டத்தைக் கீழே இறக்குங்கள். பள்ளி வளாகத்தில் சிமென்ட் போட்ட இடம் இருக்கும். அங்கே பந்தல் போடுங்கள். மேடை வேண்டாம், பேசுகிறவர்கள் எல்லோரும் தரையிலேயே இருக்கட்டும். சிறப்பு விருந்தினராக வந்தவர் சக்கர நாற்காலியில் கீழே இருக்க, மற்றவர்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூட்டங்கள் நடக்கின்றன. அழைத்து வந்து அவமானப்படுத்துவது போன்றது அது. மேடை எல்லோருக்கும் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

கெட்டித் தரை என்று கடிதத்தில் எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. நம் பரம்பைப் போன்ற சரளை நிலத்தில் சக்கர நாற்காலியின் பெரிய சக்கரம் எப்படியோ ஓடிவிடும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் கல்லில் இடித்து அப்படியே நின்றுவிடும். தேரி மணலிலோ கடற்கரை மணலிலோ அது புதைந்துவிடும். கடற்கரை ஊர்களில் வெட்டவெளியில் கூட்டம் போடும்போது, படிதான் இல்லையே என்று அமைப்பாளர் நிம்மதியாக இருப்பார்; சாலையிலிருந்து பந்தல் வரை உள்ள முப்பது அடி மணல்தான் அங்கே படி. நல்ல கனமான பலகைகளை இடைவெளி இல்லாமல் பரப்பினால் வழி கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் நடக்க முடியாத பலர் சக்கர நாற்காலியில் வருவதில்லை. அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரில் வருகிறார்கள். நாற்காலி வீட்டில் இருக்கும். ஸ்கூட்டரை விட்டு இறங்கினால் ஊன்றுகோல்தான். சிலருக்குக் கையூன்றித் தவழ்வதுதான். வாகனங்களை எல்லாம் நூறு அடி தள்ளி நிறுத்தச் சொல்லும் தன்னார்வலர் அவரையும் அங்கேயே நிறுத்தச் சொல்வார். அவர் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஏன் வரவில்லை என்று நாம் பிறகு கேட்போம். அந்த ஸ்கூட்டர் கூட்டம் நடக்கும் இடத்தின் ஓரம் வரை வரலாம் என்று வாசலில் நிற்கும் பையனுக்குச் சொல்லி வைத்தால், சாய்தளம் இல்லாமலேயே அவருக்கு வழி கிடைத்துவிடும்.

நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாமே என்ற பேச்சு எப்போதும் வரும். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பல நாற்காலிகளின் கைப்பிடியும் கால்தாங்கியும் கழற்றி மாட்டக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். தெரியாத ஆண்கள் நான்கு பேர் தன்னைத் தூக்குவதை ஒரு பெண் ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்? கூட்டத்தின் நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் மறுபடியும் அந்த நான்கு பேரைத் தேட வேண்டும். இதற்குப் பயந்துதான் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் கழிப்பறையைப் பற்றிக் கேட்டிருப்பது அதற்காகத்தான்.

அடுத்தது காது. நம் மாவட்டத்துக் கடற்கரையை நினைத்தால் அதைத் தனியாகப் பேசத்தான் வேண்டும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. சங்கு குளிப்பது இன்றும் இருக்கிறது. தண்ணீருக்குள் முப்பத்து மூன்று அடி இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அந்த அழுத்தத்தில் செவிப்பறை கிழிவதும், ஆண்டுக்கணக்கில் இறங்கிய பிறகு காது மந்தமாவதும் இந்தத் தொழிலோடு வருபவை. அப்படிப்பட்ட ஒரு பெரியவர் மீனவர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறார். அவருக்குச் சைகை மொழி தெரியாது, பேச்சிலேயே வளர்ந்தவர். எழுத்துப் படிப்பார் என்றால் திரையில் எழுத்து அவருக்கு உதவும். படிக்கத் தெரியாதென்றால் திரை வைத்துப் பயனில்லை. முன்வரிசையில் பேசுகிறவரின் முகம் தெரியும் இடமும், பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்ல ஓர் ஆளும் வேண்டும். பிறவியிலேயே காது கேளாத இளைஞருக்கோ சைகை மொழிதான் முதல் மொழி. ஓடும் தமிழ் எழுத்து அவருக்குச் சிரமமாக இருக்கலாம். காது கேளாதவர் என்ற ஒரே சொல்லை வைத்து ஒரே ஏற்பாட்டைச் செய்துவிட முடியாது. எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

எழுத்துதான் வேண்டும் என்றால் அதை இப்படிச் செய்யலாம். ஒரு தொலைக்காட்சித் திரையைப் பேசுகிறவருக்குப் பக்கத்திலேயே வையுங்கள், முகத்தையும் எழுத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி. பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் வெளுத்துப்போகும். பந்தலுக்குள் அதை நம்ப வேண்டாம். தட்டச்சு செய்கிறவர் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கும் இடத்தில் இருக்க வேண்டும். மனிதர் பேசும் வேகத்துக்கு விரலால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் இரண்டு பேர் மாறி மாறி எழுத வேண்டும். பொருள் நிரலும், வரவு செலவுக் கணக்கும், வரப்போகும் பெயர்களும் முதல்நாளே அவர்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் கைபேசிச் செயலிகளும் தமிழில் இருக்கின்றன. ஒருவர் மைக்குக்கு அருகே நிதானமாகப் பேசினால் அவை ஓரளவு எழுதும். நம் பக்கத்துப் பேச்சு வழக்கும் ஊர்ப் பெயர்களும் வந்தால் தடுமாறும். யாராவது ஒருவர் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்போதும் உடைவது ஓரிடத்தில்தான். மேடைப் பேச்சு முடிந்து, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து மைக் இல்லாமல் கேள்வி கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள், திரை காலியாக இருக்கும். கூட்டத்தின் உயிரே அந்த வாக்குவாதம்தான். பெரியவருக்கு அது மட்டும் கிடைக்காது. மைக் கைக்கு வரும் வரை யாரும் பேசக் கூடாது என்று தொடக்கத்திலேயே தலைவர் சொல்லிவிட வேண்டும். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்லும் முன்பு, தீர்மானத்தின் வாசகம் திரையில் முழுதாக வந்து நிற்க வேண்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு பாடம் கற்றது. 2023 செப்டம்பரில் பெங்களூருவைச் சேர்ந்த, காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி காணொலி வழியாக அங்கே ஆஜரானார். அவருக்காக மொழிபெயர்ப்பாளர் சௌரவ் ராய்சௌத்ரி திரையில் இருக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சஞ்சிதா ஐன் கேட்டிருந்தார். காணொலியைக் கட்டுப்படுத்தும் அறையில் இருந்தவர், மொழிபெயர்ப்பாளரின் படம் முழு நேரமும் தெரிவதற்கு முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமை நீதிபதி சந்திரசூட் அனுமதித்த பிறகுதான் விசாரணை சைகையில் மொழிபெயர்க்கப்பட்டது. அடுத்த மாதமே சாராவுக்கு நீதிமன்றமே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. இங்கேயும் தடை வந்தது நீதிபதியிடமிருந்து அல்ல. பொத்தானைக் கையில் வைத்திருந்தவரிடமிருந்து. 

நம் கூட்டத்தில் அந்தப் பொத்தான் ஒலிபெருக்கிக்காரர் கையிலோ, விளக்குக்காரர் கையிலோ இருக்கும். படம் காட்டுவதற்காக அவர் விளக்கை அணைத்ததும் மொழிபெயர்ப்பாளரின் கை இருட்டில் மறைந்துவிடும். கேளாதவருக்கு அந்த நிமிடத்தோடு கூட்டம் முடிந்துவிட்டது. நீண்ட கூட்டத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்தால் பிழை வரத் தொடங்கும். எங்கே ஆள் கிடைப்பார்கள் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். கேட்டவுடன் கிடைத்துவிட மாட்டார்கள். கடிதம் சீக்கிரம் வரவேண்டும் என்று சொல்வது இதற்காகவும்தான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், நடத்துகிறவர் மேல் அளவுக்கு மீறிய சுமை விழாதபடி ஒருவருக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடு என்றே எழுதியிருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் பொதுக் கட்டடம்தான். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2025-ல் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்தார்கள். அதனால் ஊராட்சி மன்றக் கூட்டத்துக்கே இனி இந்தக் கேள்வி வரும். உறுப்பினர் மேசைக்கு வர முடியாத அறையில் மன்றம் எப்படிக் கூடும்?

பணம் யார் கொடுப்பது என்று இங்கே வருவதற்கு முன் ஒரு நண்பர் கேட்டார். நடத்துகிறவர்கள்தான். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வருகிறவரிடம் காசு வாங்குவதில்லையே. பலகைக்கும் தட்டச்சு செய்கிறவருக்கும் மட்டும் ஏன் அவரிடம் வாங்க வேண்டும்? வரவு செலவில் முதலிலேயே அதற்கொரு வரி எழுதிவிடுங்கள். அழைப்பிதழிலும் ஒரு வரி: ஏற்பாடு தேவைப்படுவோர் இன்ன தேதிக்குள் இந்த எண்ணில் சொல்லவும். அந்த எண்ணை எடுப்பவர் கூட்டத்தன்று வாசலில் இருப்பவராகவே இருந்தால், எனக்கு இன்றைக்குப் பேசவே விஷயம் இருந்திருக்காது.

பதில் எழுதும்போது முடிந்ததையும் முடியாததையும் ஒளிக்காமல் எழுதுங்கள். “சாய்தளம் போட முடியவில்லை; கூட்டத்தைப் பள்ளி வளாகத்துக்கு மாற்றிவிட்டோம்; அங்கே சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லை, இருநூறு அடி தள்ளி ஒரு வீட்டில் கேட்டு வைத்திருக்கிறோம்” என்று வந்தால், வருவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார். “எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், வாங்க” என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால், அவருக்குத் தெரிவது எதுவுமில்லை. பதிலே வராவிட்டால் கடிதம் எழுதியவர் குறித்த தேதிக்கு மறுநாளே மறுபடி எழுத வேண்டும், முதல் கடிதத்தின் நகலோடு. அதற்கும் பதில் இல்லையென்றால் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், தேவைப்பட்டால் சென்னையில் உள்ள மாநில ஆணையருக்கும் அனுப்பலாம். தேதியும் படியின் எண்ணிக்கையும் எழுதிய கடிதம் கையில் இருந்தால்தான் அந்த முறையீடு நிற்கும்.